‘ஒரு வெள்ளியாவது’: தானம் பற்றிய 90 விநாடிக் காணொளிக்கு எழுதும்போது

தானம், தர்மம் பற்றிய குறுங்காணொளியில் ‘கொடுங்கள்’ என்ற நேரடிச் சொல்லால் பெரிய கெடுதல் இல்லை. கேட்டவுடனே இது நன்கொடை கேட்கும் காணொளி என்று புரிந்துவிடும், வேண்டாதவர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். மனத்தைக் குத்துவது அதைவிடச் சின்னச் சங்கதி. ‘ஒரு வெள்ளியாவது’ என்பதில் இருக்கும் ‘ஆவது’. ‘ஒரு காப்பிக் காசு கூடவா’ என்பதில் இருக்கும் ‘கூடவா’. இந்த இரண்டு ஒட்டுகளும் பார்ப்பவரின் பையைத் திறந்து பார்த்துவிட்டு, ‘இவ்வளவு வைத்துக்கொண்டு இதுகூட முடியாதா’ என்று கேட்கின்றன. ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதினாலும் வராத அழுத்தம் தமிழில் மூன்று எழுத்தில் வந்துவிடும். அதனால் தமிழில் எழுதுபவருக்குப் பொறுப்பு கூடுதல்.

எடுத்துக்கொண்ட வேலை இது: 90 விநாடி, நின்ற வாக்கில் படம், தமிழ்க் குரல், சிங்கப்பூரில் பார்க்கப்படப் போவது. சமய மரபுகளில் கொடை எப்படி நடக்கிறது என்று காட்ட வேண்டும். பார்ப்பவரைக் கொடுக்கச் சொல்லக்கூடாது. மூன்று மரபுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்: கோயில் அன்னதானம், இஸ்லாத்தின் ஸகாத், தேவாலயக் காணிக்கை. சீக்கியர்களின் லங்கரும் பௌத்தர்களின் தானமும் சேர வேண்டியவைதான். ஆனால் ஐந்தையும் நுழைத்தால் ஒவ்வொன்றுக்கும் 18 விநாடி. பெயர் சொல்லவே சரியாகப் போகும். அவற்றுக்கு இரண்டாவது காணொளி எடுப்பதுதான் மரியாதை.

பார்ப்பவர் யார் என்பதை எழுதும் முன்பே கண்முன் நிறுத்திக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே கோயிலுக்குப் போகும் அத்தையும் ஞாயிறு ஆராதனைக்குப் போகும் சித்தப்பாவும் இருப்பார்கள். சம்பளத்தின் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிட்டு மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும் ஊழியர் தங்குவிடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு இதைப் பார்ப்பார். பகுதி நேர வேலை செய்யும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவியும் பார்ப்பார். இவர்களில் யாரும் பார்த்து முடித்தபின் தன்னைக் குறைவாக நினைக்கக்கூடாது.

முதலில் ‘நாம்’ என்ற சொல். தமிழில் ‘நாம்’ கேட்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்; ‘நாங்கள்’ வெளியே நிறுத்தும். ‘நாம் எல்லோரும் இல்லாதவர்க்குக் கொடுப்போம்’ என்று எழுதினால் பார்ப்பவர் சம்மதம் சொல்லாமலே கூட்டத்தில் சேர்க்கப்பட்டுவிடுகிறார். அதோடு, பல சமயங்களைப் பற்றிய காணொளியில் அந்த ‘நாம்’ யார் என்ற குழப்பம் வேறு. ஸகாத் பகுதியில் ‘நாம்’ என்றால் மற்றவர்களுக்கு ஒட்டாது; ‘நாங்கள்’ என்றால் காணொளியே ஒரு சமயத்தின் பிரசாரமாகிவிடும். இரண்டையும் விட்டுவிட்டு ‘முஸ்லிம்கள்’, ‘கிறிஸ்தவர்கள்’, ‘கோயிலுக்கு வருகிறவர்கள்’ என்று படர்க்கையில் எழுதுவதே சரி. புண்ணியம், பாவம், மறுமை பற்றிய எந்த வாக்கியமும் ‘என்று நம்புகிறார்கள்’ என்று முடியட்டும். ஒரு தானியம் ஏழு கதிராகி, கதிருக்கு நூறு மணி விளையும் என்ற குர்ஆன் உவமை அழகானது. அதையே ‘ஒன்று கொடுத்தால் ஏழுநூறு கிடைக்கும்’ என்று பின்னணிக் குரலில் சொன்னால் முதலீட்டு விளம்பரம் ஆகிவிடுகிறது.

அடுத்தது ‘வேண்டும்’. தேவை, ஆசை, கட்டாயம், அறிவுரை ஆகிய நான்கையும் இந்த ஒரே சொல் தாங்குகிறது. கேட்பவர் எதையும் எடுத்துக்கொள்ளலாம்; சங்கடத்தில் இருப்பவர் கட்டாயத்தைத்தான் எடுத்துக்கொள்வார். எழுதி முடித்ததும் ‘வேண்டும்’ எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். உண்மையிலேயே கடமை என்றால் ‘கடமை’ என்றே சொல்லலாம், யாருக்கு என்பதையும் கூடவே சொல்லிவிட்டு. கடமை அல்லாத இடத்தில் ‘கொடுக்கிறார்கள்’, ‘கொடுப்பது வழக்கம்’ போதும். ‘கொடுக்கலாம்’ என்பதும் பரவாயில்லை, ஆனால் அதில் ஓர் ஏகாரம் சேர்ந்து ‘கொடுக்கலாமே’ ஆனதும் பழைய நெருக்கடி திரும்பி வந்துவிடும்.

‘பிச்சை’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. துறவிக்கு இடும் பிச்சை மரபில் உயர்ந்தது, இடுகிறவர்தான் வணங்கி இடுவார். ஆனால் திரையில் எழுத்தாக வந்தால் பெறுகிறவரைத் தாழ்த்தும் சொல்லாகவே இன்று படிக்கப்படும். ‘ஏழைகள்’ என்ற சொல்லையும் தேவையில்லாத இடத்தில் போட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. இதன் காரணம் அன்னதானப் பகுதியில் தெரியும்.

இனி ஸகாத். பெரும்பாலான முதல் வரைவுகள் தடுக்கி விழும் இடம் இதுதான். வழக்கமாக வரும் வாக்கியம்: ‘ஒவ்வொரு முஸ்லிமும் தன் வருமானத்தில் இரண்டரை சதவீதத்தை ஏழைகளுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும்.’ ஒரே வாக்கியத்தில் மூன்று பிழை.

‘ஒவ்வொரு முஸ்லிமும்’ என்பது தவறு. நிஸாப் என்ற அளவுக்கு மேல் செல்வம் உள்ளவருக்கே ஸகாத் கடமை. சிங்கப்பூரில் ஸகாத்தை நிர்வகிக்கும் முயிஸ், அதாவது இஸ்லாமிய சமய மன்றம், 86 கிராம் தங்கத்தின் மதிப்பை அந்த அளவாக வைத்திருக்கிறது. ‘வருமானத்தில்’ என்பது இரண்டாவது பிழை. சேமிப்பைப் பொறுத்தவரை, ஒரு சந்திர ஆண்டு முழுவதும் அந்த அளவுக்குக் கீழே இறங்காமல் கையில் நின்ற தொகைதான் கணக்கு. இந்த மாதம் வந்து இந்த மாதமே வாடகைக்கும் அரிசிக்கும் போன சம்பளம் அதில் வராது. ‘ஏழைகளுக்கு’ என்பதும் முழுமையல்ல. குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயம் எட்டு வகையினரைச் சொல்கிறது. கடனில் மூழ்கியவரும் வழிப்பயணத்தில் சிக்கியவரும் அவர்களில் உண்டு.

இந்த மூன்றையும் திருத்தியதும் என்ன ஆகிறது பாருங்கள். அந்த மாணவி தன் கணக்கில் இருக்கும் சில நூறு வெள்ளியை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை. கடன் கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் தனக்கும் அதில் உரிமை இருக்கலாம் என்று அறிந்துகொள்கிறார். முதல் வரைவில் இருந்த நெருக்கடியில் பாதி, தவறான தகவலிலிருந்து வந்தது. இதைச் சரிசெய்ய ‘தயவுசெய்து’, ‘முடிந்தால்’ என்று சொற்களைத் தேனில் தோய்க்கத் தேவையே இருக்கவில்லை. இன்னொரு பக்கமும் உண்டு: வற்புறுத்தல் ஆகிவிடுமோ என்று பயந்து ‘ஸகாத் விருப்பப்பட்டால் கொடுப்பது’ என்று எழுதிவிடக்கூடாது. நம்பிக்கை உள்ளவருக்கு அது கடமை, தொழுகையைப் போல. அதை மென்மையாக்குவது அவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு.

‘இரண்டரை சதவீதம்’ என்பதை ‘நாற்பதில் ஒரு பங்கு’ என்று மாற்றுங்கள். கணக்கு ஒன்றேதான்: 30,000 வெள்ளி ஓராண்டு நின்றிருந்து, நிஸாபையும் தாண்டியிருந்தால் 750 வெள்ளி. காதில் கேட்கும்போது பங்கு என்பது பிடிபடும். சதவீதம் வங்கி நினைப்பைக் கிளப்பும். நிஸாபின் வெள்ளித் தொகையை மட்டும் திரையில் அச்சடிக்க வேண்டாம். தங்க விலை ஏற ஏற அது மாறிக்கொண்டே இருக்கும். காணொளியோ வருடக் கணக்கில் சுற்றும். தொகை தெரிய விரும்புகிறவருக்கு விவரக் குறிப்பில் zakat.sg என்று எழுதிவிட்டால் போதும். நோன்புப் பெருநாளுக்கு முன் தரும் ஃபித்ரா இதிலிருந்து வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் யாருக்கும் புரியாது, ஆகவே அதை விட்டுவிடலாம்.

இதில் ஒரு வெட்டு நுட்பம் முக்கியம். கடமை என்ற வாக்கியமும், யாருக்குக் கடமை இல்லை என்ற வாக்கியமும் ஒரே காட்சியில், இடையில் மூச்சு விடாமல் வர வேண்டும். யாராவது 15 விநாடியை வெட்டி எடுத்துப் பகிர்ந்தால் பாதி வாக்கியம் மட்டும் பயணம் போகும். ரமலான் மாதத்தில் இது நடக்காத வருடம் இல்லை. இரண்டு வாக்கியத்தையும் அரைப்புள்ளியில் கட்டிவிட்டால் வெட்டுவது கடினம்.

அன்னதானத்துக்கு வருவோம். இங்கே சொல்லைவிடப் படம்தான் ஆபத்து. மதியம் கோயிலில் வரிசையில் நிற்பவர்களின் முகத்தை அருகில் காட்டி, மேலே ‘ஏழைகளுக்கு உணவு’ என்று எழுதினால் இரண்டு தவறு சேர்ந்துவிடும். கோயில் அன்னதானம் ஏழைகளுக்கு மட்டுமானது இல்லை. உபயம் கட்டிய குடும்பமும், அலுவலக இடைவேளையில் வந்தவரும், கட்டுமானத் தளத்திலிருந்து விடுமுறை நாளில் வந்தவரும் ஒரே வரிசையில் தட்டை நீட்டுகிறார்கள். அந்தச் சமத்துவம்தான் அன்னதானத்தின் உயிர். அதைக் ‘கொடுப்பவர் – வாங்குபவர்’ என்று படத்தில் பிரித்துவிட்டால் காட்ட வந்ததே போய்விடும். படம் பிடிக்கப்பட்ட ஊழியர் ஊரில் இருக்கும் தன் பிள்ளை அதைப் பார்ப்பதை விரும்பமாட்டார் என்பதும் சாதாரண மனித நியாயம்.

ஆகவே முகம் வேண்டாம். அண்டாவின் விளிம்பில் கரண்டி தட்டும் காட்சி, ஆவி, பரிமாறும் கை, நீட்டிய தட்டு, முழங்கையிலிருந்து கீழே மட்டும். கேமராவைத் தட்டின் உயரத்தில் வைத்தால் யார் பரிமாறுகிறார், யார் வாங்குகிறார் என்ற மேல்கீழ் படத்தில் விழாது. நின்ற உயரத்திலிருந்து கீழ்நோக்கிப் பிடித்தால் பெறுபவர் சின்னவராகத் தெரிவார். பின்சுவரில் ‘இன்றைய உபயம்’ என்று பெயரும் தொகையும் எழுதிய பலகை இருந்தால் கோணத்தை மாற்றுங்கள். அந்தப் பலகை கோயிலுக்குள் நன்றி சொல்லும் வழக்கம். திரைக்குள் வந்தால் விலைப்பட்டியல். சோக வீணை, புல்லாங்குழல் எதுவும் வேண்டாம். கரண்டிச் சத்தமும் பேச்சுச் சலசலப்பும் இருந்தால் போதும். எடுப்பதற்கு முன் கோயில் நிர்வாகத்திடம் அனுமதி வாங்குவதை நினைவூட்ட வேண்டியதில்லை. அதோடு சமையற்கட்டில் இருப்பவர்களிடம் நேரிலும் கேட்பது நல்லது.

தேவாலயப் பகுதியில் ஒரே ஒரு காட்சியைத் தவிர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்: காணிக்கைப் பை வரிசையில் கை மாறிப் போகும் காட்சி. பை ஒருவரிடம் வந்து, அவர் ஒன்றும் போடாமல் அடுத்தவரிடம் கொடுக்கும் அரை விநாடி படத்தில் விழுந்துவிட்டால், பார்ப்பவரின் மனம் அவர் பக்கமே நிற்கும். வாசலருகே இருக்கும் பெட்டியும் மூடிய உறையும் போதும். இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதையையும் விட்டுவிடச் சொல்வோம். ‘அவளே கொடுத்தாளே’ என்ற தொனி எப்படி எழுதினாலும் வந்துவிடும். மாற்கு நற்செய்தியில் அந்தக் கதைக்குச் சற்று மேலே, விதவைகளின் வீடுகளை விழுங்குகிறவர்களை இயேசு கண்டிக்கும் வரி இருக்கிறது. அந்த வரி இல்லாமல் கதையை மட்டும் எடுப்பது நியாயமில்லை. 90 விநாடியில் இரண்டுக்கும் இடமில்லை. பத்தில் ஒரு பங்கு எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் விதி என்பதும் சரியல்ல. சில சபைகள் தசமபாகத்தைக் கற்பிக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபை அவரவர் இயன்ற அளவு உதவச் சொல்கிறது, பங்கு வகுக்கவில்லை.

வற்புறுத்தாமல் எழுதத் தேவையான சொற்களை இந்த மரபுகளே வைத்திருக்கின்றன. நாம் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. கீதையின் 17ஆம் அத்தியாயம், கைம்மாறு எதிர்பார்த்தும் மனம் வருந்தியும் கொடுப்பதை ராஜசம் என்று ஒரு படி கீழே வைக்கிறது. கொடுத்துவிட்டுச் சொல்லிக்காட்டிப் புண்படுத்துவதைவிட இனிய சொல்லே மேல் என்கிறது குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல் ‘விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல’ என்கிறார். இது பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் வரி. கத்தோலிக்கர்கள் கேட்டுப் பழகிய வரி வேறு, ஆனால் பொருள் அதேதான். ஒவ்வொரு பகுதியிலும் இப்படி ஒரு வரி போதும்.

இனி எழுத்துப் பிரதி. நிதானமான தமிழ்க் குரல் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் வரை போகும். 90 விநாடிக்கு 150 சொல் வரை அடைக்கலாம், ஆனால் அடைத்தால் குரல் ஓடும். ஓடும் குரல் ஏலக் குரல். ஆகவே 100 சொல்லுக்குள் நிறுத்தியிருக்கிறோம்.

0:00–0:13. கரண்டி, அண்டா, ஆவி. முதல் 4 விநாடி ஓசை மட்டும்.
குரல்: சிராங்கூன் சாலையில் ஒரு கோயில். மதியப் பூசை முடிந்துவிட்டது. வந்தவர் யார், எங்கிருந்து என்று கேட்காமல் சோறு பரிமாறுகிறார்கள்.

0:13–0:31. தட்டு உயரத்தில் கேமரா. பரிமாறும் கைகள்.
குரல்: இதை அன்னதானம் என்கிறார்கள். உபயம் தந்தவரும் இதே வரிசையில்தான் சாப்பிடுகிறார். மனம் வருந்திக் கொடுப்பதையும், பலனை எண்ணிக் கொடுப்பதையும் கீதை உயர்ந்த தானமாகச் சொல்லவில்லை.

0:31–0:58. பள்ளிவாசல் முற்றம். வரிசையாக அடுக்கிய நோன்புக் கஞ்சிக் கிண்ணங்கள். வெட்டே இல்லாத ஒரே காட்சி.
குரல்: முஸ்லிம்களுக்கு ஸகாத் ஒரு கடமை; ஓர் அளவுக்கு மேல் சேமிப்பு ஓராண்டு நின்றால் நாற்பதில் ஒரு பங்கு; அந்த அளவை எட்டாதவருக்கு இந்தக் கடமை இல்லை, அவர்களில் சிலர் ஸகாத்தைப் பெற உரிமை உள்ளவர்கள். விருப்பமாகத் தருவது ஸதகா. அதை மறைவாகத் தருவது இன்னும் நல்லது என்கிறது குர்ஆன்.

0:58–1:18. வாசல் பெட்டி. மேசையில் மூடிய உறை.
குரல்: கிறிஸ்தவர்கள் காணிக்கை செலுத்துகிறார்கள். சில சபைகளில் பத்தில் ஒரு பங்கு மரபு. கத்தோலிக்கர்களுக்கு அப்படி அளவு இல்லை. விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, அவரவர் மனத்தில் நினைத்தபடி என்று எழுதினார் பவுல்.

1:18–1:30. கழுவிக் கவிழ்த்த தட்டுகள். தண்ணீர்ச் சத்தம்.
குரல்: ஒரு வருடம் கொடுத்தவர் இன்னொரு வருடம் பெறலாம். தட்டு ஒன்றேதான்.
கடைசி 5 விநாடி ஓசை மட்டும்.

கஞ்சிக் காட்சி பற்றி ஒரு குறிப்பு. பள்ளிவாசல்களில் நோன்பு மாதத்தில் தரும் கஞ்சி ஸகாத் நிதியில் வந்தது என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்ளக்கூடும். பெரும்பாலும் அது தனிக் கொடையில் வருவது. அதனால் குரல் ஸகாத்திலிருந்து ஸதகாவுக்கு மாறும்போது கிண்ணம் திரையின் நடுவில் வரும்படி கேமராவை மெல்ல நகர்த்த வேண்டும். தொடக்கத்தில் முற்றம் மட்டும் தெரியட்டும்.

கடைசியில் கியூஆர் குறியீடு போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். அந்தச் சதுரம் வந்த நிமிடமே 85 விநாடி சொன்னதெல்லாம் அதற்கு முன்னுரையாகிவிடும். சட்டப்படியும் காணொளியின் வகை மாறிவிடுகிறது: பொதுமக்களிடம் நிதி திரட்டுபவர் யாருக்காக, எந்த நோக்கத்துக்காக என்பதைக் கொடையாளரிடம் தெரிவிக்க வேண்டும், வெளிநாட்டு அறப்பணிக்காகத் திரட்டினால் அறநிறுவன ஆணையரின் அனுமதியும் தேவை. மோசடிக்காரர் அதே காணொளியில் குறியீட்டை மட்டும் மாற்றி ஒட்டிப் பகிர்வது சுலபம் என்பது இன்னொரு காரணம். கொடுக்க நினைப்பவர் தானாகவே கோயிலின், பள்ளிவாசலின் பக்கத்துக்குப் போய்விடுவார். ஓர் அமைப்பு பதிவு பெற்றதா என்று பார்க்க charities.gov.sg இருக்கிறது, விவரக் குறிப்பில் அந்த ஒரு வரியை மட்டும் சேர்க்கலாம். வரிச் சலுகை பற்றி ஒன்றும் எழுத வேண்டாம். அது பொதுநல அமைப்பு என்ற தகுதி பெற்றவற்றுக்குத் தரும் நன்கொடைக்கு உரியது. வழிபாட்டுத் தலத்துக்குத் தருவது பொதுவாக அதில் வராது.

வெளியிடும் முன் மூன்று பேரிடம் காட்டுங்கள்: ஒவ்வொரு மரபிலிருந்தும் ஒருவர், அதில் ஒருவராவது பணநெருக்கடியில் இருப்பவர். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். ‘பார்த்ததும் என்ன செய்யத் தோணுச்சு?’ என்று கேளுங்கள். ‘ஸகாத்துக்கு ஓர் அளவு இருக்குன்னு இப்பதான் தெரியும்’ என்று பதில் வந்தால் வேலை சரி. ‘நான் ஒன்னுமே கொடுக்கறதில்லையேன்னு சங்கடமா இருந்துச்சு’ என்று வந்தால், எந்த விநாடியில் அப்படித் தோன்றியது என்று நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர் விரல் நிற்கும் இடத்தில் ஒரு முகமோ ஒரு தொகையோ இருக்கும். அதை எடுத்துவிட்டு இன்னொரு முறை அவரிடமே காட்டுங்கள்.

வெளியான பிறகு முதல் இரண்டு நாள் பின்னூட்டங்களைப் படியுங்கள். ‘எந்த நம்பருக்கு அனுப்பணும்?’ என்று சிலர் கேட்பது இயல்பு. பலரும் அதையே கேட்டால் காணொளி நன்கொடைக் கோரிக்கையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கடைசி 12 விநாடியைத் திருத்தி மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும். ‘மாசம் 800 வெள்ளி பகுதி நேரச் சம்பளம், எனக்கும் ஸகாத் உண்டா?’ என்று ஒருவர் கேட்டாலே 31ஆம் விநாடியிலிருந்து தொடங்கும் அந்த வாக்கியம் இன்னும் தெளியவில்லை. அவருக்குப் பதில் எழுதும்போது எந்தச் சொல் வருகிறதோ, அதையே குரலிலும் மாற்றிப் பதிவு செய்துவிடுங்கள்.